கிரீம் சுவரில் 100 இன்ச் படம்: சாம்பல் அடிப்பதா, வெள்ளையா?

ஹால்தியேட்டர்

வணக்கம். ஹால் 11க்கு 14 அடி, சீலிங் உயரம் 10 அடி. 11 அடிச் சுவரில் 100 இன்ச் படம் விழுகிறது. எல்.இ.டி. புரொஜெக்டர், 1080p, சீலிங்கில் தலைகீழாக மாட்டியிருக்கிறது. பெட்டியில் 9000 லூமன்ஸ் என்று போட்டிருந்தான். சுவர் கிரீம் கலர், லேசாகப் பளபளக்கும் எமல்ஷன். படம் மஞ்சளடிக்கிறது, கறுப்பு வெளிறித் தெரிகிறது. கிரிக்கெட் பார்க்கும்போது வீட்டில் டியூப் லைட்டை அணைக்க விடமாட்டார்கள். சாம்பல் பெயிண்ட் அடித்தால் கான்ட்ராஸ்ட் கூடும் என்று பல இடங்களில் படித்தேன். அடிக்கலாமா? எந்தச் சாம்பல்?

சினிமாப்பித்தன்

கண்ணை மூடிக்கொண்டு சாம்பல் அடிங்க பிரதர். வெள்ளைச் சுவர் டியூப் லைட் வெளிச்சத்தையும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும், அதனால்தான் கறுப்பு வெளிறுது. சாம்பல் அதை உறிஞ்சிக்கும். கான்ட்ராஸ்ட் எகிறும். கடையில் விற்கிற விலையுயர்ந்த ஸ்கிரீன் எல்லாம் சாம்பல்தானே?

லக்ஸ்மீட்டர்

பித்தன் சொன்னதில் பாதி சரி. சாம்பல் டியூப் லைட் வெளிச்சத்தை உறிஞ்சும். ஆனால் புரொஜெக்டர் வெளிச்சத்தையும் அதே விகிதத்தில் உறிஞ்சும். எது எங்கிருந்து வந்த ஒளி என்று பெயிண்டுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் மாறுமா?

ஹால்தியேட்டர், பெயிண்டுக்கு முன் இரண்டு அளவு வேண்டும். சுவரில் விழும் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். போனின் முதுகைச் சுவரில் ஒட்டினாற்போல் வைத்து, முகம் புரொஜெக்டரைப் பார்க்கட்டும். முதலில் புரொஜெக்டரை அணைத்து டியூப்பை மட்டும் போட்டு எடுங்கள். பிறகு டியூப்பை அணைத்து, முழுவெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு எடுங்கள். நடுவிலும் நான்கு மூலையிலும் எடுத்துச் சராசரி போடுங்கள். உங்கள் உடம்பு வெளிச்சத்தை மறைக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். போன் சென்ஸார் துல்லியமானதல்ல, ஆனால் இரண்டையும் ஒரே போனில் எடுப்பதால் நமக்குத் தேவையான ஒப்பீட்டுக்குப் போதும்.

அப்படியே பெட்டியை விட்டுவிட்டு மேனுவலில் ஆன்சி லூமன்ஸ், அதாவது தரமுறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று பாருங்கள்.

பழையவீடு

எதற்கு இவ்வளவு? நல்ல வெள்ளை எனாமல் இரண்டு கோட் அடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், அழுக்குப் பட்டால் துடைக்கலாம். இல்லையென்றால் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்துவிடுங்கள். அந்த வெள்ளைக்கு ஈடு எதுவுமில்லை.

ரோலர்காரர்

ஐயா, கண்ணாடி மாதிரி இருப்பதுதான் வம்பே. எனாமலில் அடித்தால் புரொஜெக்டர் லென்ஸ் சுவரில் ஒரு வெள்ளை உருண்டையாகத் தெரியும். இவருக்கு லென்ஸ் சீலிங்கில் இருக்கிறது, மேலேயிருந்து வருகிற ஒளி சுவரில் பட்டு நேராக சோபாவை நோக்கி இறங்கும். லென்ஸ் டீப்பாய் மேல் இருந்தால் அந்தப் பளபளப்பு தலைக்கு மேலே சீலிங்குக்குப் போய்விடும், அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் ஒரே பெயிண்டை ஒருவர் நல்லாயிருக்கு என்பார், இன்னொருவர் மோசம் என்பார். ஆயில் எனாமல் வெளிச்சம் படாத அறையில் மஞ்சளாகவும் மாறும். திரை போட்டு மூடி வைக்கிற தியேட்டர் ரூமுக்கு அதைவிடத் தப்பான பெயிண்ட் கிடையாது.

நீலம் விஷயம்: வெயிலில் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் நீலம் சுவரை வெள்ளையாக்குவதில்லை. மஞ்சள், ஆரஞ்சுப் பக்கத்து ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிட்டு, கண்ணை ஏமாற்றுகிறது. படத்தில் முதலில் அடிவாங்குவது முகத்து நிறம்தான். தவிர, சுண்ணாம்பு கையோடு ஒட்டி வரும்.

ஹால்தியேட்டர்

அளந்துவிட்டேன். டியூப் மட்டும்: சராசரி 52 லக்ஸ். புரொஜெக்டர் மட்டும்: 140 லக்ஸ். மேனுவலில் 400 ஆன்சி லூமன்ஸ் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. 9000 எங்கே, 400 எங்கே!

லக்ஸ்மீட்டர்

பெட்டியில் இருப்பது எந்த முறையில் அளந்தது என்றே சொல்லாத எண், அதை மறந்துவிடுங்கள். 400க்கும் உங்கள் 140க்கும் கணக்கு ஒத்துப்போகிறது. 100 இன்ச் படம் 7 அடி 3 அங்குல அகலம், 4 அடி 1 அங்குல உயரம், பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். 400ஐ 2.76ஆல் வகுத்தால் 145.

இப்போது டியூப் எரியும்போது என்ன நடக்கிறது பாருங்கள். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் 140ம் 52ம் சேர்ந்து 192 லக்ஸ். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் டியூப்பின் 52 அப்படியே விழுகிறது. 192க்கு 52, அதாவது 4க்கு 1கூட இல்லை. நீங்கள் வெள்ளை அடித்தாலும் சாம்பல் அடித்தாலும் கறுப்பே அடித்தாலும் இந்த விகிதம் 3.7தான். படம் முழுக்க இருட்டும், அவ்வளவே.

இதே டியூப்பை சோபாவுக்குப் பின்னால் மாற்றி, பின்சுவரைப் பார்த்து எரிய வையுங்கள். திரைச்சுவரில் 9 லக்ஸ் வந்தால் விகிதம் 149க்கு 9, ஏறத்தாழ 16.5. பெயிண்ட் டப்பா திறக்காமலே நாலு மடங்கு.

சினிமாப்பித்தன்

அப்போ சாம்பலால் பிரயோஜனமே இல்லைன்னு சொல்றீங்களா? என் வீட்டில் கண்ணால் பார்த்தேன் சார், கறுப்பு கறுப்பா இருந்தது.

லக்ஸ்மீட்டர்

பிரயோஜனம் உண்டு, நீங்கள் சொன்ன காரணத்தால் அல்ல.

விளக்கையெல்லாம் அணைத்த பிறகும் ஒரு வெளிச்சம் மிச்சம் இருக்கிறது: படமே. திரையில் பட்ட ஒளி தெறித்து சீலிங், பக்கச்சுவர், தரை என்று போய், மறுபடி திரையில் வந்து விழுகிறது. இரவுக்காட்சி ஒன்றில் மூலையில் ஒரு விளக்கு வந்தாலே மொத்தத் திரையும் லேசாக வெளிறுவது இதனால்தான். இந்தத் திரும்பி வரும் ஒளி திரைமேல் இரண்டு முறை படுகிறது. முதல்முறை தெறிக்கும்போது ஒருமுறை உறிஞ்சப்படுகிறது, திரும்பி வந்து உங்கள் கண்ணுக்கு வரும்போது இன்னொருமுறை. படத்தின் நேர் ஒளியோ ஒரே ஒருமுறைதான் உறிஞ்சப்படுகிறது. சாம்பலின் லாபம் இந்த இடத்தில் மட்டும்தான்.

ஹால்தியேட்டர் அறையிலேயே கணக்குப் போடுவோம். நல்ல மேட் வெள்ளை 85 சதவீதம் திருப்புகிறது, நடுத்தர வெளிர்சாம்பல் 59 சதவீதம். பாதி வெள்ளை, பாதி கறுப்பாகச் சதுரங்கக் கட்டம் போட்டால், வெள்ளைத் திரையில் சுற்றியடித்துத் திரும்பி வருவது 3 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டரின் சொந்தக் கறுப்பு ஒரு 0.3. மொத்தம் 3.3. வெள்ளைக் கட்டத்தில் 143. விகிதம் 43. சாம்பலில் திரும்பி வருவது 2.1 ஆகக் குறையும், விகிதம் 59 ஆகும். பித்தன் கண் பார்த்தது பொய்யில்லை.

ஆனால் விலை என்ன? வெள்ளையில் படத்தின் உச்சவெளிச்சம் சதுர மீட்டருக்கு 38 கேண்டெலா. சாம்பலில் 26. டிஜிட்டல் சினிமா தியேட்டர்களுக்கான அளவு 48. ஏற்கெனவே தியேட்டரைவிடக் குறைவாக இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். 400 லூமன்ஸில் இது கட்டுப்படியாகாது. அதற்குப் பதில் திரைக்கு மேலேயுள்ள சீலிங்கில் மூன்று நாலு அடியும், இரு பக்கச்சுவர்களில் அதே அளவும் அடர்நிறத்தில் மேட் பெயிண்ட் அடித்து அந்த 3 லக்ஸ் பாதியானால், வெள்ளைத் திரையிலேயே விகிதம் 79 வருகிறது. வெளிச்சம் ஒரு துளிகூடக் குறையாமல்.

சினிமாப்பித்தன்

சரி, கணக்கு புரியுது. என்னுடையது 2500 ஆன்சி. எனக்கு வெளிச்சம் உபரியா இருக்கு, அதனால் சாம்பலில் எனக்கு நஷ்டம் தெரியலை. அது தவிர கறுப்பு மொத்தமா கீழே இறங்கினால் கண்ணுக்கு ஒரு திருப்தி இருக்கு, அது உங்க விகிதத்தில் வராது.

லக்ஸ்மீட்டர்

2500க்கு நானும் சாம்பலை மறுக்க மாட்டேன். கண் திருப்தி பற்றி: அதே இறக்கத்தை விளக்கின் எகோ மோடில் போட்டும் பெறலாம், ஃபேன் சத்தமும் குறையும். திரும்பி வரும் ஒளியில் கிடைக்கிற அந்தச் சின்ன லாபம் மட்டும்தான் வித்தியாசம்.

சினிமாப்பித்தன்

எகோ மோடில் பார்த்தேன், அதே உணர்வு இல்லை. போகட்டும், இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

கிட்டத்திரை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது சுவரடியில் வைக்கிற லேசர் புரொஜெக்டர், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். இதற்கென்று விற்கிற ஸ்கிரீன் சாம்பலாக இருக்கிறது, பகலிலும் நன்றாகத் தெரிகிறது. அதே சாம்பலைப் பெயிண்ட் கடையில் மேட்ச் பண்ணி அடித்தால் போதும்தானே?

லக்ஸ்மீட்டர்

போதாது. அந்த ஸ்கிரீன் வேலை செய்வது நிறத்தால் அல்ல, உருவத்தால். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் நுண்ணிய படிக்கட்டு மாதிரி வரிவரியாக இருக்கும். கீழேயிருந்து வரும் ஒளியை உங்களிடம் அனுப்புகிறது. மேலேயிருந்து வரும் விளக்கொளி படும் முகம் கறுப்பு. திசை பார்த்து ஒளியைப் பிரிப்பதால்தான் அங்கே விகிதம் உண்மையிலேயே கூடுகிறது. டப்பாவிலிருந்து வரும் பெயிண்டில் அந்தப் படிக்கட்டு கிடையாது.

ரோலர்காரர்

அதைவிடப் பெரிய பிரச்சினை உங்களுக்குச் சுவர் மட்டம். ஒரு சாணில் வைத்த புரொஜெக்டரிலிருந்து படத்தின் மேல் ஓரத்துக்கு ஒளி கிட்டத்தட்டச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. சுவரில் 1 மி.மீ. பள்ளம் இருந்தால் அந்த இடத்துப் படம் 5 மி.மீ. நகர்ந்துவிடும். 100 இன்ச்சில் 1080p ஒரு புள்ளியே 1.15 மி.மீ.தான், நாலு புள்ளி தள்ளிப்போகும். நேர்கோடு பாம்பாக நெளியும். ஹால்தியேட்டருக்கு லென்ஸ் பத்தடி தள்ளி இருப்பதால் அதே பள்ளம் அரை மில்லிகூட நகர்த்தாது. உங்களுக்குப் பெயிண்ட் சரிவராது, ஸ்கிரீனே வாங்குங்கள்.

கிட்டத்திரை

நன்றி. ஸ்கோர்போர்டு வளைந்து தெரிவதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. ஃபோகஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹால்தியேட்டர்

சரி, சாம்பல் ஆசையை விட்டுவிட்டேன். ஆனால் கிரீம் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு புரொஜெக்டர் மெனுவில் மஞ்சளைக் குறைத்துவிட முடியாதா? `Wall Color` என்று ஒரு அமைப்புகூட இருக்கிறது.

லக்ஸ்மீட்டர்

முடியும், அதற்கும் விலை உண்டு. உங்கள் கிரீம் சிவப்பில் 82, பச்சையில் 78, நீலத்தில் 62 சதவீதம் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையை வெள்ளையாக்க நீலத்தைக் கூட்ட வழியில்லை, விளக்கு ஏற்கெனவே முழு அளவில் இருக்கிறது. சிவப்பையும் பச்சையையும்தான் நீலத்தின் மட்டத்துக்கு, அதாவது 62க்கு, இறக்க வேண்டும். நிறம் சரியாகும்போது உங்கள் கிரீம் சுவர் 62 சதவீதச் சாம்பல் சுவராகிவிட்டது. வெளிச்சம் 38க்குப் பதில் 28 கேண்டெலா. வேண்டாம் என்று இப்போது விட்ட சாம்பல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

`Wall Color` அமைப்பும் இதையேதான் செய்கிறது, தோராயமாக. உங்கள் கிரீமுக்கென்று அளந்து செய்ததல்ல.

ஹால்தியேட்டர்

அப்படியானால் மேட் வெள்ளை. எவ்வளவு வாங்க வேண்டும், எப்படி அடிக்க வேண்டும்? பெயிண்டர் வைக்காமல் நானே அடிக்கலாமா?

ரோலர்காரர்

அடிக்கலாம் தம்பி. பெயிண்ட் அடிப்பது ஒரு மணி நேர வேலை, சுவரைத் தயார் பண்ணுவதுதான் இரண்டு நாள்.

படம் விழுகிற இடத்தைவிட நாலு பக்கமும் நாலைந்து அங்குலம் தள்ளி, 8க்கு 5 அடி, 40 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் கண்ணில் படாத மேடு பள்ளம், பழைய ரோலர் தடம், ஆணி அடைத்த இடம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பென்சிலில் வட்டம் போட்டு வையுங்கள். பெரிய வளைவுக்கு ஆறடி அலுமினிய மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள்.

பழைய பெயிண்ட் பளபளப்பு என்றீர்கள். அதன்மேல் பட்டி நேராகப் பிடிக்காது. 120 நம்பர் உப்புத்தாளால் மினுக்குப் போகிறவரை தேயுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு வால்பட்டி இரண்டு கை, மெலிசாக. ஒரே கையாகத் தடிமனாகப் போட்டால் வெடிக்கும். முழுக்கக் காய்ந்தபின் 180, அதன்பின் 320 நம்பர் தாள். மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியைத் துடைத்து வாட்டர் பிரைமர் ஒரு கோட். பிரைமரைப் பட்டி போட்ட இடத்தில் மட்டும் அடித்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பட்டி ஒரு மாதிரி உறிஞ்சும், பழைய பெயிண்ட் ஒரு மாதிரி உறிஞ்சும், மேலே அடிக்கிற மேட் வெள்ளையில் அந்த எல்லை திட்டுத்திட்டாக வரும். வெள்ளைக் காட்சியில் மேகம் மாதிரி தெரியும்.

பெயிண்ட், உள்சுவருக்கான மேட் எமல்ஷன், கலர் கலக்காத வெள்ளை, ஒரு லிட்டர். மூன்று கோட்டுக்கு அது போதும். டப்பாவில் `Soft Sheen`, `Satin`, `Silk` என்று எந்தச் சொல் இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். தண்ணீர் டப்பாவில் போட்டிருக்கிற அளவு, அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். ரோலர், மயிர் குட்டையான மைக்ரோஃபைபர். நீள மயிர் ரோலர் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விட்டுவிடும்.

ஃபேனை நிறுத்துங்கள். மேலிருந்து கீழாக ஒரு பட்டை, அது ஈரமாக இருக்கும்போதே பக்கத்துப் பட்டை அதன்மேல் இரண்டங்குலம் ஏறி வர வேண்டும். ஓரம் காய்ந்தபின் ஏற்றினால் கோடு விழும், அந்தக் கோடு கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் மட்டும் தெரிந்து பிராணனை வாங்கும். ஒவ்வொரு பட்டையிலும் கடைசி இழுப்பு ஒரே திசையில், அழுத்தாமல். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். கோட்டுக்குக் கோட்டு நாலு மணி நேரம். காய்ந்தபின் ஒரு இடத்தில் குறை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுவைக்காதீர்கள், அந்த 8க்கு 5 அடி முழுவதையும் ஒரு கோட் அடியுங்கள்.

சினிமாப்பித்தன்

அந்த மேட் வெள்ளையில் கொஞ்சம் பேர்ல் மீடியம் கலந்தால் வெளிச்சம் கூடுமே? அதையும் விட்டுடாதீங்க.

லக்ஸ்மீட்டர்

நடுவில் உட்கார்ந்தவருக்குக் கூடும், ஓரத்தில் உட்கார்ந்தவரிடமிருந்து பிடுங்கி. பேர்லில் இருக்கிற மைக்கா செதில் ஒளியை உண்டாக்குவதில்லை, திசை திருப்புகிறது. 11 அடி ஹாலில் சோபாவின் இரு முனையில் இருப்பவர்கள் இரண்டு வேறு படம் பார்ப்பார்கள். சீலிங் புரொஜெக்டருக்குத் திரையின் ஒரு பகுதி மட்டும் திட்டாக ஒளிரும் அபாயமும் உண்டு.

ரோலர்காரர்

ரோலரில் பேர்ல் அடித்தால் செதில் ரோலர் போன திசையில் படுத்துக்கொள்ளும், பட்டைபட்டையாகத் தெரியும். ஸ்பிரேயில் நல்ல கைக்காரர் அடித்தால் சரியாக வரும் என்கிறார்கள். உருப்படியாக வந்த ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

சினிமாப்பித்தன்

ஸ்பிரேயில் வந்திருக்கு. படம் எடுத்துப் போடறேன்.

ஹால்தியேட்டர்

சுற்றிலும் கறுப்பு பார்டர் அவசியமா? பெயிண்டிலேயே அடித்துவிடலாமா?

லக்ஸ்மீட்டர்

படத்தின் வெளிச்சத்தை அது மாற்றாது. ஓரத்தில் வழிகிற ஒளியை விழுங்கும், பக்கத்தில் உண்மையான கறுப்பு இருப்பதால் படத்தின் கறுப்பும் கொஞ்சம் ஆழமாகத் தோன்றும். மூன்றங்குலம் போதும். கறுப்பு மேட் பெயிண்டே 4, 5 சதவீதம் திருப்பும். கறுப்பு வெல்வெட் ரிப்பன் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ரிப்பனை ஒட்டுவது பெயிண்டில் நேர்க்கோடு பிடிப்பதைவிடச் சுலபம். ஆனால் முதலில் வெள்ளை பெயிண்ட் காயட்டும், மூன்று நாலு நாள் விடுங்கள். ஈர எமல்ஷனைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள், அதுவரை மெனுவிலும் கை வைக்க வேண்டாம்.

பிறகு `Wall Color` அமைப்பை எடுத்துவிட்டு, கலர் டெம்பரேச்சரை `Warm`இல் வைத்து மறுபடி ஐந்து இடத்தில் லக்ஸ் எடுங்கள். பெயிண்ட் மாறியதால் எண் கூடாது, ஏனென்றால் அது சுவரில் விழுவதை அளக்கிறது; `Warm`இல் 140ஐவிடக் கொஞ்சம் குறையவும் செய்யலாம். பயந்துவிடாதீர்கள். வித்தியாசம் பார்க்க வேண்டுமானால், இப்போதே இரண்டு ஏ4 அட்டையில் ஒன்றில் பழைய கிரீமையும் ஒன்றில் புது வெள்ளையையும் அடித்து, வெள்ளைப் படத்தின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, ஒரே போட்டோவில் எடுங்கள்.

ஹால்தியேட்டர்

கிரீம் டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அட்டை இன்றைக்கே அடிக்கிறேன். சீலிங்கை அடர்நிறமாக்க மட்டும் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அடர்பழுப்புத் துணியைப் படம் பார்க்கும்போது மட்டும் இழுத்து மூடுகிற மாதிரி கம்பியில் மாட்டலாமா?

லக்ஸ்மீட்டர்

தாராளமாக. துணி பளபளக்கக் கூடாது, அவ்வளவுதான். சாட்டின் வேண்டாம், பருத்தி எடுங்கள்.

ரோலர்காரர்

கம்பியை ஃபேன் இறக்கைக்குத் தள்ளி மாட்டுங்கள் தம்பி.